ஏஐ வீடியோ: கிரெடிட் கரையும் முன் ‘டிராஃப்ட்’ போட்டுப் பார்ப்பது எப்படி?

ஏஐ வீடியோ ஆப்புக்குப் பணம் கட்டிய முதல் வாரத்திலேயே ‘கிரெடிட் தீர்ந்துவிட்டது’ என்று திரையில் வந்தால் எப்படி இருக்கும்? பலருக்கும் நடப்பது இதுதான். காரணம், மனதில் இருக்கும் காட்சி சரியாக வருமா என்பதைத் தெரிந்துகொள்ளவே முழுத் தரத்தில் வீடியோ போட்டுப் பார்க்கிறார்கள்.

ரன்வே நிறுவனத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்டாண்டர்ட் திட்டத்தில் மாதம் 625 கிரெடிட். 2025-ல் வெளியான Gen-4 மாடலில் ஒரு விநாடி வீடியோவுக்கு 12 கிரெடிட், அதாவது 5 விநாடிக்கு 60. கணக்குப் போட்டால் மாதம் முழுக்கப் பத்தே பத்து முயற்சிதான். மிச்சமிருக்கும் மாதக் கிரெடிட் அடுத்த மாதத்துக்கும் வராது.

இதற்குத்தான் டிராஃப்ட் முறை. குறைந்த தரத்தில், குறைந்த செலவில் பிராம்ப்டைச் சோதித்துவிட்டு, சரியாக வந்த பிறகு மட்டும் முழுத் தரத்துக்குப் போவது. பல நிறுவனங்கள் இதற்குத் தனி வசதியே வைத்திருக்கின்றன. மிட்ஜர்னி 2025 ஏப்ரலில் V7 உடன் கொண்டுவந்த Draft Mode, வழக்கமான செலவில் பாதிக்கு, பத்து மடங்கு வேகத்தில் படம் தருகிறது. ரன்வேயில் Gen-4 Turbo என்ற வேக மாடலுக்கு விநாடிக்கு 5 கிரெடிட்தான்.

சரி, டர்போவில் போட்டுப் பார்த்தால் வேலை முடிந்ததா? அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது.

வீடியோவுக்கு முன் படம்

டர்போவில் 5 விநாடிக்கு 25 கிரெடிட். முழுத் தரத்தோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கொஞ்சம் கீழே. இரண்டு முறை டர்போவில் பார்த்துவிட்டு ஒரு ஃபைனல் போட்டால் 110. நேரடியாக இரண்டு ஃபைனல் போட்டால் 120. மிச்சம் வெறும் 10 கிரெடிட்! இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும்.

உண்மையான மிச்சம் வீடியோவில் இல்லை, படத்தில் இருக்கிறது. Gen-4 வீடியோ ஒரு படத்திலிருந்துதான் தொடங்கும். நாம் கொடுக்கும் படமே முதல் ஃப்ரேம். 720p அளவில் ஒரு படம் எடுக்க 5 கிரெடிட்தான் ஆகும். ஒரு ஃபைனல் வீடியோவின் விலையில் 12 படம் எடுத்துப் பார்க்கலாம். ஆள் எங்கே நிற்கிறார், என்ன உடை, எந்தப் பக்கம் வெளிச்சம், பின்னால் என்ன இருக்கிறது என எல்லாமே படத்திலேயே முடிவாகிவிடும். வீடியோவில் சோதிக்க வேண்டியது அசைவு மட்டும்தான்.

ஒரு டீக்கடைக் காட்சி

மழை பெய்யும் மாலை நேரம். டீ மாஸ்டர் கையை உயர்த்தி டீ ஆத்துகிறார். கேமரா மெல்ல நெருங்குகிறது. இந்த 5 விநாடிதான் நமக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் படம். பார்க்க வேண்டியது இரண்டு கையும் முழுசாகத் தெரிகிறதா, மேலே ஒரு குவளை, கீழே ஒரு கிளாஸ் என எண்ணிக்கை சரியா, மேல் கைக்கு மேலே ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்பதைத்தான். இந்தக் கட்டத்தில் சட்டையின் நெசவு, முகத்தின் சுருக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து கோணல்மாணலாக வந்தால் அதைச் சரிசெய்யப் பத்து படம் செலவழிக்காதீங்க. பலகையைக் காலியாக விடச் சொல்லிவிட்டு, எழுத்தை எடிட்டிங் ஆப்பில் போட்டுக்கொள்வதே சுலபம்.

படம் பிடித்துவிட்டால் அதையே டர்போவுக்குக் கொடுக்கலாம். உருவம் ஏற்கெனவே படத்தில் இருப்பதால், பிராம்ப்டில் அசைவை மட்டும் எழுதினால் போதும்:

```
slow push-in, he pours tea from the mug
into the glass, steady stream, rain behind
```

இதில் டீ காற்றிலேயே நிற்பது போலவோ, கிளாஸ் கையோடு ஒட்டிக்கொண்டது போலவோ வரலாம். திரவம் ஊற்றும் காட்சி இந்த மாடல்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். தவறு பிராம்ப்டிலா, அதிர்ஷ்டத்திலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிராம்ப்டை மாற்றாமல் இன்னொரு முறை ஓட்டிப் பாருங்க. அதே தவறு திரும்ப வந்தால் பிராம்ப்டையோ படத்தையோ மாற்ற வேண்டும். வேறு தவறு வந்தால், அது அந்தந்த முறை விழும் தாயம். மாற்றும்போதும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்க. கேமராவையும் ஊற்றும் விதத்தையும் சேர்த்து மாற்றினால், எது வேலை செய்தது என்றே தெரியாது.

இந்த வழியில் பத்து படம் (50), நான்கு டர்போ (100), ஒரு ஃபைனல் (60) என மொத்தம் 210 கிரெடிட் ஆகிறது. ஃபைனல் ஒரு முறை சொதப்பி இன்னொன்று போட்டாலும் 270. இதையே நேரடியாக ஆறு ஃபைனலில் பிடிக்கப் பார்த்தால் 360 போயிருக்கும். அந்த ஆறும் கண்ணைக் கட்டிக்கொண்டு போட்டதாக இருக்கும்.

டிராஃப்ட் ஏமாற்றும் இடம்

டிராஃப்டும் ஃபைனலும் ஒன்றே என்று நினைத்துவிடக் கூடாது. டர்போ வேறு மாடல், Gen-4 வேறு மாடல். அதே படம், அதே பிராம்ப்ட் கொடுத்தாலும் கை போகும் வழி மாறலாம். கேமரா எந்தப் பக்கம் நகரும், என்ன நடக்கும் என்பதற்கு டிராஃப்ட் ஓரளவு நம்பகமானது. விரல் எப்படி மடங்கும் என்பதற்கு அல்ல.

‘சீட்’ எண்ணை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. சீட் என்பது படம் எந்தப் புள்ளிக் கோலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். பழைய டிவியில் சிக்னல் போனால் தெரியுமே, அந்த மாதிரிப் புள்ளிகளிலிருந்துதான் படம் உருவாகிறது. அளவை மாற்றினால் புள்ளிகளின் எண்ணிக்கையும் அமைப்பும் மாறிவிடும். அதனால் சின்ன அளவில் அழகாக வந்த படத்தை, அதே சீட் போட்டுப் பெரிய அளவில் எடுத்தால் வேறு படம்தான் வரும். டிராஃப்டே பிடித்திருந்தால் மறுபடி உருவாக்காதீங்க. அதையே ‘அப்ஸ்கேல்’ செய்யுங்க, இல்லையென்றால் அதையே முதல் ஃப்ரேமாகக் கொடுங்க. நம் டீக்கடைப் படத்தை 720p-யிலேயே விட்டதும் இதனால்தான். Gen-4 தரும் வீடியோவும் அதே 720p தரம்தான். ஆனால் அப்ஸ்கேல் தெளிவைத்தான் கூட்டும். கோணலான விரல், தெளிவான கோணல் விரலாகத்தான் மாறும்.

அளவை ரொம்பவும் இறக்குவதும் வம்பு. சொந்தக் கம்ப்யூட்டரில் ஓட்டப்படும் எஸ்டிஎக்ஸ்எல் மாடல் 1024 பிக்சல் அளவுக்குப் பழக்கப்பட்டது. அதில் 512-ல் டிராஃப்ட் எடுத்தால் தரம் மட்டுமல்ல, படத்தின் அமைப்பே கெடும். நல்ல பிராம்ப்டைக் கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவோம். அங்கே அளவைத் தொடாமல் ‘ஸ்டெப்ஸ்’ எண்ணிக்கையைக் குறைத்து டிராஃப்ட் எடுக்க வேண்டும்.

கிரெடிட் விலை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, புது மாடல் வரும்போதும் மாறும். பட்டனை அழுத்தும் முன் உங்க ஆப்பில் படத்துக்கு எவ்வளவு, வேக மாடலுக்கு எவ்வளவு, ஃபைனலுக்கு எவ்வளவு என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்க. வேக மாடலின் விலை ஃபைனலில் பாதிக்கு மேல் இருந்தால், வீடியோ டிராஃப்டை ஒன்றிரண்டோடு நிறுத்திவிட்டுப் படத்திலேயே கூடுதலாக உழைப்பதுதான் லாபம்.