குற்றம் சுமத்தாத கடிதம்: பிரிட்டனில் சம்பளத்துடன் கூடிய பணியிடை நீக்கம், 1915–2022

ஊழியர் மீது புகார் வருகிறது. விசாரணை முடியும்வரை அவர் வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் நிற்காது, இது தண்டனை அல்ல என்று நிர்வாகம் கடிதம் கொடுக்கிறது. பிரிட்டனில் இன்று வழக்கமாகிவிட்ட இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு காலத்தில் வந்து சேர்ந்தது. முதலில் வந்தது சம்பளம்.

1915-இல் முடிவான ஹான்லி வழக்கில், ஒரு தொழிலாளி அனுமதியின்றி ஒருநாள் வேலைக்கு வரவில்லை. நிறுவனம் மறுநாள் அவரைச் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தது. அவரை வேலையைவிட்டே அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒப்பந்தத்தைத் தொடர முடிவுசெய்தபின், ஒப்பந்தத்தில் இடமில்லாமல் கூலியை நிறுத்த முடியாது என்றது நீதிமன்றம். தொழிலுறவு ஆலோசனை அமைப்பான ஏகாஸ் 1977-இல் வெளியிட்ட முதல் ஒழுங்கு விதித்தொகுப்பு, கடுமையான புகார்களில் சம்பளத்துடன் குறுகிய கால நீக்கத்தைப் பரிசீலிக்கச் சொன்னது. 2009-இன் தொகுப்பு இன்னும் தெளிவு: காலம் இயன்றவரை குறுகியதாக இருக்கவேண்டும், அவ்வப்போது மறுபரிசீலனை செய்யவேண்டும், இது ஒழுங்கு நடவடிக்கை அல்ல என்று ஊழியருக்குச் சொல்லவேண்டும். இந்தியாவில் பாதை வேறு. இங்கே முழுச் சம்பளம் அல்ல, பிழைப்பூதியம்தான். 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தில் 1982-இல் சேர்ந்த பிரிவு முதல் 90 நாள்களுக்குப் பாதிச் சம்பளம் என்று வகுத்தது.

சம்பளம் உறுதியானபின் எழுந்த கேள்வி மானத்தைப் பற்றியது. இதில் மிகுந்த கவனத்துக்குரியது, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்த்த ஹார்ட்ஃபோர்ட்ஷயர் வழக்கு. அந்த மாவட்டக் குழுவின் குழந்தைகள் இல்லத்தில் ஒரு பெண் பணிபுரிந்தார். கற்றல் குறைபாடு உள்ள, முன்பே துன்புறுத்தலுக்கு ஆளான ஒரு குழந்தை அவரைப் பற்றி ஏதோ சொன்னது. அது எதைக் குறிக்கிறது என்று மதிப்பிடுவது கடினம் என்பதே அதிகாரிகளின் கூட்டத்திலேயே வெளிப்பட்ட கருத்து. ஆனால் ஊழியருக்குப் போன கடிதம், பாலியல் துன்புறுத்தல் பற்றிய குற்றச்சாட்டு விசாரிக்கப்படுகிறது என்று எழுதியது. தெளிவற்ற பேச்சு, அதிகாரியின் மேசையில் குற்றச்சாட்டாகவே உருமாறிவிட்டது. விசாரணையில் ஒன்றும் நிரூபணமாகவில்லை. வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். அவரோ மனச்சோர்வு நோயில் வீழ்ந்திருந்தார். நீதிபதி ஹேல், விசாரிக்கக் காரணம் இருந்தது என்பதாலேயே நீக்கவும் காரணம் இருந்ததாகிவிடாது என்றார். வேறு இடத்துக்கு மாற்றலாமா, சிறிது விடுப்பு கொடுக்கலாமா என்று யோசிக்காமல் அவசரத்தில் செய்த நீக்கம் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான நம்பிக்கையை முறித்தது என்று தீர்ப்பானது.

நிர்வாகங்கள் உறுதியாகப் பற்றிக்கொண்ட வாக்கியம் ஒன்று உண்டு: ‘இது நடுநிலையான நடவடிக்கை.’ அந்த வாக்கியம் நீண்ட காலம் கேள்வியின்றி நிற்கவில்லை. 2007-இல் லண்டன் மனநல மருத்துவமனை அறக்கட்டளை ஒன்று, மூத்த மனநல மருத்துவர் ஒருவரின் வழக்கில் இதே வாதத்தை வைத்தபோது நீதிபதி செட்லி ஏற்கவில்லை. தொழிலையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரை வேலையிலிருந்து விலக்கினால் அவருடைய திறமைமீது ஐயம் படியாமல் இராது என்றார் அவர்.

வாக்கியத்தின் உண்மையான சோதனை லண்டனின் லாம்பெத்தில் நடந்தது. 2012 டிசம்பரில் அங்குள்ள தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர், கட்டுக்கடங்காத இரு சிறு குழந்தைகள்மீது பலத்தைப் பயன்படுத்தியதாகப் புகார். நீக்கம் நடுநிலையானது, தண்டனை அல்ல, விசாரணை நியாயமாக நடப்பதற்காகவே என்றது கடிதம். அன்றே அவர் பதவி விலகினார். அவரிடம் முதலில் விளக்கம் கேட்கவில்லை, அவர் பள்ளியில் இருந்தால் விசாரணை ஏன் நியாயமாக நடக்காது என்று கடிதம் சொல்லவுமில்லை. இவற்றைச் சுட்டி 2017-இல் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நீக்கம் நடுநிலையா இல்லையா என்ற வாதமே உதவாது; அந்தச் சூழலில் நியாயமான, தகுந்த காரணம் இருந்ததா என்பதே கேள்வி என்று நீதிபதி சிங் வகுத்தார்.

லாம்பெத் நிர்வாகம் தோற்கவில்லை. ஆனால் அந்த வாக்கியம் அதைக் காப்பாற்றவும் இல்லை. ஹார்ட்ஃபோர்ட்ஷயர், லாம்பெத் வழக்குகளைச் சேர்த்துப் படித்தால் கடிதத்தின் எடை எங்கே இருக்கிறது என்பது புலப்படும்: தண்டனை அல்ல என்ற உறுதியைவிட, புகாரை விவரிக்கும் வரியில். ‘மாணவரைத் தாக்கியது குறித்து’ என்று எழுதினால் தாக்குதல் நடந்ததாகவே ஆகிவிடுகிறது. ‘செவ்வாய்க்கிழமை வகுப்பறையில் மாணவரின் கையைப் பிடித்து இழுத்ததாகத் தகவல் வந்துள்ளது, அது இன்னும் விசாரிக்கப்படவில்லை’ என்றால் நிர்வாகத்துக்குத் தெரிந்தது அவ்வளவே என்பது விளங்கும். அடுத்த வரி, வேறு வகுப்புக்கோ அலுவலகப் பணிக்கோ மாற்றுவது ஏன் போதாது என்று சொல்லவேண்டும். அந்த வரியை எழுத முடியாத நிர்வாகம், நீக்கத்துக்கான காரணத்தை இன்னும் யோசிக்கவில்லை என்றே கொள்ளலாம்.

2022-இல் ஏகாஸ் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தத் திசையிலேயே நகர்ந்தது. நீக்கத்துக்கு முன் வேலைநேர மாற்றம், இடமாற்றம், பொறுப்பு மாற்றம் போன்றவற்றைப் பார்க்கச் சொல்கிறது. ஊழியரின் மனநலத்தையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நீக்கம் அவசியமானால் அவரோடு தொடர்பில் இருக்கும்படியும், சக ஊழியர்களிடம் என்ன சொல்வது என்று அவருடனேயே பேசும்படியும் அறிவுறுத்துகிறது.