ஒரே வாரம், இரண்டு புல் ரிக்வெஸ்ட்

ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரின் முதல் புல் ரிக்வெஸ்ட்டுகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒன்று என்னுடையது, மற்றது என் தோழியுடையது. மளிகைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேலை. டெலிவரி லேபிளில் வாடிக்கையாளர் பெயரை 12 எழுத்துக்குள் அடக்குவது என் பொறுப்பு. பில்லில் பொருளின் பெயரை அதேபோல அடக்குவது அவள் பொறுப்பு. ரிவ்யூ செய்த சீனியரும் ஒருவர்தான். அவர் சொன்னதையெல்லாம் நான் மறுத்தேன். அவள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள். இரண்டு கோடும் தப்பாகத்தான் போயின.

முதலில் என்னுடையது. நான் எழுதியது இவ்வளவுதான்:

```python
def short_name(name):
    return name[:12]
```

சீனியர் போட்ட கமெண்ட் ஒரே வரி: “தமிழ்ச்செல்வி என்று கொடுத்துப் பார்த்தீர்களா?”

ஐந்து நிமிடத்தில் பதில் போட்டேன். “அந்தப் பெயரில் ஏழு எழுத்துதான் இருக்கிறது, அது வெட்டவே படாது.” விரல் விட்டு எண்ணினால் என் கணக்கு சரி: த, மி, ழ், ச், செ, ல், வி. ஆனால் பைத்தான் நம்மைப் போல எண்ணுவதில்லை. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி இடம் பிடிக்கும். ‘மி’ என்பது ம, ி என்று இரண்டு. ‘ழ்’ என்பது ழ, ் என்று இரண்டு. அப்படி எண்ணினால் அந்தப் பெயருக்கு 13 வருகிறது. கடைசிக் குறி மட்டும் 13-வது இடத்தில் நிற்பதால் அது உதிர்ந்துவிடும். சீனியர் அதை ஓட்டிப் பார்த்து, வந்ததை அப்படியே ஒட்டியிருந்தார்: `தமிழ்ச்செல்வ`.

அத்தோடு நான் திருத்தியிருக்க வேண்டும். “தேவைப் பட்டியலில் தமிழ்ப் பெயர் வரும் என்று எங்கேயும் எழுதவில்லையே” என்று அடுத்த பதிலைப் போட்டேன். வாக்குவாதம் இரண்டு நாள் ஓடியது. அவர் கேட்டது ஒரு பெயரைக் கொடுத்துப் பார்த்தீர்களா என்று மட்டும். என் காதில் விழுந்ததோ “இது கூடவா தெரியாது?” என்பது. அவர் எழுதிய வரியில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. அதை நானே சேர்த்துக்கொண்டு, நானே அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனி தோழியுடையது. அவளும் முதலில் என்னைப் போலத்தான் வெட்டியிருந்தாள். அவளுக்கு வந்த கமெண்ட் வேறு: “இதற்கு பைத்தானிலேயே ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.” கீழே இப்படிக் கொடுத்திருந்தார்:

```python
textwrap.shorten(name, width=12, placeholder="...")
```

பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டு “மாற்றிவிட்டேன் சார், நன்றி” என்று எழுதினாள். டெஸ்ட்டில் இருந்த `Sunflower Oil` அழகாக `Sunflower...` என்று வந்தது. அன்று மாலையே மெர்ஜ் ஆனது. என்னுடையது திறந்தே கிடக்க, அவளுடையது முடிந்துபோனதைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வாரம் சோதனைக்குக் கொடுத்திருந்த ஒரு கடையிலிருந்து போன் வந்தது. பில்லில் மிளகாய்த்தூள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மூன்று புள்ளிதான் இருக்கிறதாம். `textwrap.shorten` வாக்கியங்களைச் சுருக்குவதற்காக எழுதப்பட்டது. முழுச் சொற்களாகக் கழித்துக்கொண்டே வந்து, இடம் கிடைத்ததும் புள்ளிகளைச் சேர்க்கும். இரண்டு சொல் இருந்தால் ஒன்று மிஞ்சும். மிளகாய்த்தூள் ஒரே சொல். பைத்தான் கணக்கில் 13. அந்த ஒரே சொல்லும் கழிந்துவிட, மிஞ்சியது `...` மட்டும். அவள் முதலில் எழுதியிருந்த வெட்டு கடைசிப் புள்ளியை மட்டும்தான் விழுங்கியிருக்கும். பெயரையாவது படிக்க முடிந்திருக்கும். ரிவ்யூவில் வந்த யோசனை அதைவிட மோசமானதாகிவிட்டது.

“எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றாள் தோழி. “முதல் வேலையிலேயே எதிர்த்துப் பேசுறாள்னு நினைச்சிடுவாரோன்னு விட்டுட்டேன்.”

அன்றுதான் இரண்டு உரையாடல்களையும் சேர்த்துப் படித்தேன். கமெண்டை மனத்தில் போட்டுக்கொண்டவன் நான் என்றும், பக்குவமாக எடுத்துக்கொண்டவள் அவள் என்றும் எல்லோரும் நினைத்திருந்தோம். அது உண்மையில்லை. சீனியர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு நான் பதில் சொன்னேன். என்ன நினைத்துவிடுவாரோ என்பதற்கு அவள் பதில் சொன்னாள். கோடுக்கு இருவருமே பதில் சொல்லவில்லை. இதற்குச் சான்று அந்த உரையாடலிலேயே இருக்கிறது. எங்கள் பதில்கள் எதிலும் “இதைக் கொடுத்தேன், இது வந்தது” என்று ஒரு வரியும் இல்லை. அப்படி எழுதியவர் சீனியர் மட்டும், அதுவும் என் விஷயத்தில் மட்டும். அவளுக்குக் கொடுத்த யோசனையை அவரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

இரண்டில் எது அதிகக் கெடுதல் என்று கேட்டால், தலையாட்டுவதுதான் என்பேன். வாக்குவாதம் கண்ணுக்குத் தெரியும். உரையாடல் நீளும், யாராவது வந்து நிறுத்துவார்கள். என் தப்பு எந்தக் கடைக்கும் போகவில்லை. “மாற்றிவிட்டேன் சார்” என்பது நல்ல பழக்கம் போலவே தோன்றும். அதனால் அது ரிவ்யூவைத் தாண்டிப் போய்க் கடைக்காரர் கையில் பில்லாக வந்து நிற்கிறது.

இரண்டையும் ஒரே திருத்தத்தில் சரிசெய்யச் சொன்னார்கள். இருவரும் உட்கார்ந்து எழுதினோம்:

```python
import regex

def short_name(name, limit=12):
    return "".join(regex.findall(r"\X", name)[:limit])
```

`\X` என்பது எழுத்தையும் அதோடு ஒட்டிய குறியையும் சேர்த்து ஒன்றாக எடுக்கும். பைத்தானோடு வரும் `re`-யில் இது கிடையாது. `regex` என்பதைத் தனியாக நிறுவ வேண்டும். இப்போது தமிழ்ச்செல்வியும் ஏழு, மிளகாய்த்தூளும் ஏழு. இரண்டும் முழுசாக வந்தன.

இந்தத் தடவை சீனியரிடமிருந்து மூன்று கமெண்ட் வந்தன. தோழி முதலில் மூன்றையும் படித்து முடித்தாள், உடனே எதற்கும் பதில் போடவில்லை. லக்ஷ்மி என்ற பெயர் என்ன ஆகும் என்பது முதல் கேள்வி. ஓட்டிப் பார்த்தோம். க்ஷ நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. `\X` அதை இரண்டாகத்தான் எண்ணுகிறது. வெட்டு சரியாக அதன் நடுவில் விழுந்தால் உடையும். அதை அப்படியே பதிலில் எழுதி, உடைகிற ஒரு பெயரையும் அதில் சேர்த்தாள். இரண்டாவது, ஃபங்ஷனின் பெயரைப் பற்றியது. மாற்றிவிட்டு எந்தக் கமிட் என்று மட்டும் குறித்தோம். மூன்றாவது, எழுத்தை எண்ணுவதே சரியா என்பது. ‘ண’ பிடிக்கிற அகலமும் ‘ர’ பிடிக்கிற அகலமும் ஒன்றல்ல, லேபிளில் அகலம்தானே கணக்கு என்று கேட்டிருந்தார். அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு பிரின்டரின் ஃபான்ட்டை அளக்க வேண்டும். அது வேறு வேலை. “ஒப்புக்கொள்கிறோம், இந்த மாற்றத்தில் சேர்க்கவில்லை, தனி இஷ்யூவாகப் போட்டிருக்கிறோம்” என்று நான் எழுதினேன். அவர் ஒப்புதல் கொடுத்தார்.

அந்த மாற்றத்தோடு டெஸ்ட் ஃபைலில் மூன்று பெயர்கள் சேர்ந்தன: தமிழ்ச்செல்வி, மிளகாய்த்தூள், லக்ஷ்மி. முதல் பெயரைக் கேட்டவர் சீனியர். இரண்டாவது கடையிலிருந்து வந்தது. மூன்றாவதையும் அவர்தான் கேட்டார். எங்களுக்கே தோன்றிய பெயர் அதில் ஒன்றுகூட இல்லை.