ஒற்றைக்கண் இரட்டைப் பார்வை

இரட்டைப் பார்வையை மருத்துவர்கள் ‘டிப்ளோபியா’ என்பார்கள். இரட்டை, கண் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்தது அது. அதன் முன் ‘மானாக்குலர்’ சேர்ந்தால், ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றக் கண்ணில் நீடிக்கும் இரட்டை என்று பொருள்.

ஒரு கண்ணை, எந்தக் கண்ணானாலும், மூடியதும் இரட்டை மறைந்தால் இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்கவில்லை. கண்ணை அசைக்கும் தசையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். அது திடீரென வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒற்றைக்கண் இரட்டையில் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குள் ஒளி செல்லும் பாதையில்தான். வலக்கண்ணில் கண்புரை தொடங்கிய ஒருவர் நிலாவைப் பார்க்கிறார். அதன் ஓரத்தில் மங்கலாக இன்னொரு நிலா. இடக்கண்ணை மூடினாலும் அது போவதில்லை. வலக்கண்ணை மூடினால்தான் போகிறது. புரையால் லென்ஸின் ஒரு பகுதி ஒளியை வேறு விதமாக வளைப்பதே காரணம். அட்டையில் குண்டூசித் துளையிட்டு அதன் வழியே பார்த்தால், சிதறும் கதிர்கள் தடுக்கப்பட்டு ஒரே நிலா தெரியும்.

சிமிட்டியதும் நிழலுருவம் மாறினால் கண்ணீர்ப் படலத்தின் வறட்சியைச் சந்தேகிக்கலாம். சிதறல் பார்வை, கருவிழி கூம்பாதல் ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். துளை வழியே பார்த்தும் மாறாவிட்டால் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். அங்கே படரும் மெல்லிய சவ்வும் உருவத்தைத் திரிக்கும்.