எழுதினார், படிக்க முடியவில்லை

பெருமூளைப் புறணியை நான்கு மடல்களாகப் பிரித்துப் பாடநூல்கள் தரும் அட்டவணை பலருக்கும் பழக்கமானது. நெற்றி மடல் சேதமடைந்தால் திட்டமிடும் திறனும் தன்னடக்கமும் குலையும். உச்சி மடலில் தொடு உணர்வும் இட உணர்வும், பொட்டு மடலில் சொற்பொருளும் புதிய நினைவும், பிடரி மடலில் பார்வையும் பாதிக்கப்படும். இதில் பிழை இல்லை. ஆனால் மடல்களின் பெயர்கள் மேலே மூடியிருக்கும் மண்டையோட்டு எலும்புகளிலிருந்து வந்தவை. வேலைப் பங்கீட்டை அறிந்து வைத்தவை அல்ல. ஓரிடம் சிதைந்து ஒரு திறன் போய்விட்டால், அந்தத் திறன் அங்கேதான் குடியிருந்தது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு பல நேரங்களில் தவறு என்பதற்கு, பிரெஞ்சு நரம்பியலாளர் ஜூல் டெஜெரின் 1892-இல் வெளியிட்ட ஒரே ஒரு நோயாளியின் வரலாறு போதும்.

அவர் படித்த, வசதியான வணிகர், 68 வயது. 1887 அக்டோபரில் ஒரு நாள் திடீரென அவரால் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியவில்லை. பேச்சில் தடுமாற்றம் இல்லை. பிறர் சொல்வது புரிந்தது. பொருள்களையும் முகங்களையும் அடையாளம் கண்டார். கண்ணாடியில்தான் கோளாறு என்று நினைத்தார். கண் மருத்துவர் சோதித்தபோது எழுத்தின் வடிவம் அவருக்குத் தெளிவாகவே தெரிந்தது. A என்ற எழுத்தை ஓவியர் படம் வைக்கும் தாங்கி போல் இருக்கிறது என்றார்; Z பாம்பு போல் இருக்கிறது என்றார். எந்த எழுத்து என்றுதான் சொல்ல முடியவில்லை. தாளைக் கொடுத்து எழுதச் சொன்னால் முன்போலவே தங்குதடையின்றி எழுதினார். தாம் எழுதியதையே பிறகு காட்டினால் படிக்கத் தெரியாமல் விழித்தார். ஆனால் எழுத்தின் மேல் விரலை ஓட்டியதும் அது இன்னதென்று சொல்லிவிட்டார். நெல்லில் விரல் பிடித்து எழுதிப் பழகிய கைக்கு எழுத்து நினைவிருப்பது போலத்தான் இது. இவை தவிர அவருக்கு வலப்பக்கப் பார்வைப் பாதியும் பாதிக்கப்பட்டிருந்தது.

நான்காண்டுகளுக்கு மேல் இதே நிலை நீடித்தது. 1892 ஜனவரியில் இரண்டாம் முறை ரத்த ஓட்டம் தடைபட்டபோது எழுதும் திறனும் போயிற்று. சில நாட்களில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இரண்டு சிதைவுகள் தெரிந்தன. பழையது இடப் பிடரி மடலிலும், இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் பின்முனையிலும் இருந்தது. புதியது இட உச்சி மடலின் கீழ்ப்பகுதியில், ஆங்குலர் கைரஸ் என்ற மடிப்பில் இருந்தது. இந்த வரிசைதான் முக்கியம். முதல் சிதைவின்போது எழுத்தறிவு இருந்த இடம் சேதமடையவில்லை. இல்லாவிட்டால் அத்தனை ஆண்டுகள் அவர் எழுதியிருக்க முடியாது. இடப் பிடரி மடல் போனதால் எழுத்தை வலப் பிடரி மடல் மட்டுமே பார்த்தது. பார்த்ததை இடப்பக்க மொழிப் பகுதிக்குக் கொண்டு சேர்க்கும் பாதை அறுந்துபோயிருந்தது. விரலின் அசைவுணர்வு வேறு பாதையில் போய்ச் சேர்ந்ததால் அது பயன்பட்டது. மேலும், பிடரி மடலுக்கும் கார்பஸ் கலோசத்தின் பின்முனைக்கும் ரத்தம் தருவது பெரும்பாலும் பின் பெருமூளைத் தமனியே. ஒரே அடைப்பில் இரண்டும் சேர்ந்து கெட்டதில் வியப்பில்லை.

ஒரே நோயாளியை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்கலாம். இதே குறை பின்னர் பலரிடம் பதிவாகியிருக்கிறது. 1965-இல் நார்மன் கெஷ்விண்ட் இந்தத் துண்டிப்பு விளக்கத்தை மீண்டும் நிலைநாட்டினார். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இடப்பக்கத்தில் பிடரி மடலும் பொட்டு மடலும் சேரும் அடிப்பகுதியில் எழுத்துருவுக்கென்றே தேர்ந்த ஒரு பகுதி இருப்பதை மூளைப் படப்பிடிப்பு காட்டுகிறது. அது சிதைந்தாலே, கார்பஸ் கலோசப் பாதை அறுபடாமலும், படிப்பு போய்விடும். இதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பகுதி பிறவியிலேயே படிப்புக்காக ஒதுக்கப்பட்டதல்ல. எழுத்தறிவு பெற்றவர்களிடம்தான் அது எழுத்துக்கெனத் தேர்கிறது. மேலும், அது பார்த்த உருவத்தை மொழிக்குக் கைமாற்றும் கண்ணி. கண்ணி தனித்து நின்று படிப்பதில்லை. முதன்மைப் பார்வைப் புறணிக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே புள்ளிக்குப் புள்ளி உண்மையான வரைபடம் உண்டு. எந்த இடம் சிதைந்ததோ அதற்குரிய பார்வைத் துண்டு காணாமற்போகும். பார்வையிலிருந்து படிப்பு, பேச்சு, திட்டமிடல் என மேலே போகப் போகத்தான் அட்டவணையின் உறுதி குறைகிறது.

ஆகவே நோயாளியின் அருகில் நிற்பவர் எது போயிற்று என்பதோடு நிறுத்தாமல், எது மிஞ்சியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லி, சற்று நேரம் கழித்து அதையே படிக்கச் சொன்னால் போதும். இந்தக் குறை வெளிப்பட்டுவிடும். கை கால் விழாததால் இதைப் பக்கவாதம் என்று வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவர் காலையில் நாளிதழை விரித்து, எழுத்து தெரிகிறது, படிக்கத்தான் வரவில்லை என்று சொன்னால், கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம். உடனே பக்கவாதச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.