போட்டோவில் இருக்கும் பின்னல் சார்ட்டை, காதால் கேட்டுப் பின்னும்படி எழுதுவது எப்படி?

பழைய பின்னல் புத்தகத்திலிருந்து ஒரு மஃப்ளர் டிசைனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிட்டீங்க. வாங்கினவருக்குப் பார்வை குறைவு. போனில் டாக்பேக் போட்டு எல்லாத்தையும் காதால் கேட்கிறவர். அவருக்கு அந்த போட்டோ வெறும் 'படம்', அவ்வளவுதான். ஆனா ஊசியும் உல்லனும் கையில் இருந்தா யாரையும்விட வேகமா பின்னுவார். அவருக்குத் தேவை ஒண்ணே ஒண்ணுதான்: சார்ட்டில் இருப்பதை, ஒரு ஸ்டிட்ச்சும் விடாம, வரிசை வரிசையா வார்த்தையில் எழுதித் தரணும். ஒரு டிசைனை எடுத்து முழுசா செஞ்சு பார்ப்போம்.

நாம எடுக்கப்போறது ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் பின்னப்படும் 'ஓல்ட் ஷேல்' லேஸ். அலை அலையா, விசிறி விரிச்ச மாதிரி இருக்கும். நாலே வரிசைதான், அதுலயும் டிசைன் இருப்பது ஒரே வரிசையில். ஒரு விசிறிக்கு 18 ஸ்டிட்ச். சார்ட்டில் அந்த 18 கட்டத்தைச் சுத்தி தடிமனா ஒரு கோடு இருக்கும். அந்தப் பெட்டிதான் ரிப்பீட். அதுக்கு ரெண்டு பக்கமும் ஓரத்துக்கு மூணு மூணு கட்டம்.

முதலில் போட்டோவை சரிபாருங்க

சார்ட் மட்டும் இருந்தா போதாது, குறியீடுகளுக்கு விளக்கம் தரும் பட்டியலும் போட்டோவில் இருக்கணும். ஒரே புள்ளிக்கு எல்லாப் புத்தகத்திலும் ஒரே அர்த்தம்னு நம்பிடாதீங்க. பக்கம் வளைஞ்சிருந்தா ஓரத்துக் கட்டங்கள் ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தெரியும். அதனால் பெரிசாக்கி, ஒவ்வொரு வரிசையிலும் கட்டங்களை எண்ணுங்க. நம்ம சார்ட்டில் எல்லா வரிசையிலும் 3 + 18 + 3, மொத்தம் 24 வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் போட்டோவை மறுபடி எடுக்கச் சொல்லுங்க, ஊகிச்சு எழுதாதீங்க.

படிக்கும் திசை

சார்ட்டைக் கீழிருந்து மேலே படிக்கணும், ஏன்னா பின்னலும் அப்படித்தான் வளருது. 1, 3 ஆகிய வரிசைகள் துணியின் முன்பக்கம், அதை வலமிருந்து இடமா படிக்கணும். 2, 4 பின்பக்கம், அதை இடமிருந்து வலமா படிக்கணும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. சார்ட் காட்டுவது முன்பக்கத்தில் எப்படித் தெரியும்ங்கிறதை மட்டும்தான். காலிக் கட்டம்னா முன்பக்க வரிசையில் நிட், பின்பக்க வரிசையில் பர்ல். புள்ளின்னா முன்பக்கத்தில் பர்ல், பின்பக்கத்தில் நிட். ஓல்ட் ஷேலின் 4-வது வரிசை முழுக்க புள்ளியா இருக்கும். அது பின்பக்க வரிசை, அதனால் 'எல்லாம் நிட்'னு எழுதணும். தப்பா 'பர்ல்'னு எழுதிட்டா பின்னல் பிரியாது, எண்ணிக்கையும் மாறாது. ஆனா முன்பக்கத்தில் விரலால் தடவினா தெரியவேண்டிய மேடு இருக்காது. விசிறிகளைப் பிரிச்சுக் காட்டுவதே அந்த மேடுதான்.

3-வது வரிசை

இதில் ரெண்டு குறிகள் வரும். சாய்ந்த கோடுன்னா ரெண்டு ஸ்டிட்ச்சைச் சேர்த்து ஒரு நிட். இதை நாம 'ஜோடி'ன்னு எழுதுவோம். வட்டம்னா நூலை ஊசி மேல ஒரு தடவை சுத்துறது. அது 'சுற்று'. இந்தச் சுருக்கங்களுக்கு அர்த்தம் என்னன்னு எழுதுறதோட மேல் பகுதியிலேயே சொல்லிடுங்க.

பெட்டிக்குள்ளே வலமிருந்து இடமா படிச்சா, வழக்கமான சுருக்கத்தில் இப்படி வரும்:

```
(k2tog) x3, (yo, k1) x6, (k2tog) x3
```

இதை அப்படியே அனுப்பினா என்ன ஆகும்? டாக்பேக் பல செட்டிங்கில் அடைப்புக்குறியை வாசிக்காது. 'சுற்று, நிட், ஆறு'ன்னு காதில் விழுந்தா, கேட்கிறவர் ஒரு சுற்றும் ஆறு நிட்டும் போட்டுடலாம். ரிப்பீட்டை விரிச்சு எழுதச் சொல்றது இதுக்காகத்தான்.

விரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. ஒரு ஜோடி ஊசியிலிருந்து ரெண்டு ஸ்டிட்ச்சை எடுத்து ஒண்ணைத் தரும். சுற்று எதையும் எடுக்காம ஒண்ணைத் தரும். ஒரு விசிறியில் 6 ஜோடி, 6 சுற்று, 6 நிட். எடுப்பது 12 + 6 = 18. தருவது 6 + 6 + 6 = 18. ரெண்டும் சமம், அதனால் படிச்சது சரி. சமமா வரலைன்னா ஒரு குறியைத் தவறவிட்டிருக்கீங்க.

ரெண்டு விசிறிக்கு விரிச்சா

மஃப்ளரின் அகலத்துக்கு ரெண்டு விசிறி வைப்போம். 36-ம் ஓரம் 6-ம் சேர்ந்து 42 ஸ்டிட்ச். எழுதி முடிச்சது இப்படி இருக்கும்:

42 ஸ்டிட்ச் ஏத்தவும்.

வரிசை 1, முன்பக்கம். 42 நிட்.

வரிசை 2, பின்பக்கம். 3 நிட். 36 பர்ல். 3 நிட்.

வரிசை 3, முன்பக்கம்.
ஓரம்: 3 நிட்.
முதல் விசிறி: ஜோடி, ஜோடி, ஜோடி.
சுற்று, நிட், சுற்று, நிட், சுற்று, நிட்.
சுற்று, நிட், சுற்று, நிட், சுற்று, நிட்.
ஜோடி, ஜோடி, ஜோடி. முதல் விசிறி முடிந்தது.
இரண்டாம் விசிறி: ஜோடி, ஜோடி, ஜோடி.
சுற்று, நிட், சுற்று, நிட், சுற்று, நிட்.
சுற்று, நிட், சுற்று, நிட், சுற்று, நிட்.
ஜோடி, ஜோடி, ஜோடி. இரண்டாம் விசிறி முடிந்தது.
ஓரம்: 3 நிட். ஊசியில் 42.

வரிசை 4, பின்பக்கம். 42 நிட்.

நடுவில் ஆறு ஜோடி அடுத்தடுத்து வருது பாருங்க. முதல் விசிறியின் கடைசி மூணும், ரெண்டாவதின் முதல் மூணும் சேர்ந்தது அது. ரெண்டு தடவை டைப் ஆயிடுச்சுன்னு நினைச்சு மூணை அழிச்சிடாதீங்க. அழிச்சா வரிசை முடியும்போது ஊசியில் 6 ஸ்டிட்ச் மிஞ்சி நிக்கும். அதனாலதான் 'முதல் விசிறி முடிந்தது'ன்னு ஒரு குறிப்பு. கேட்கிறவர் அந்த இடத்தில் ஊசியில் ஒரு மார்க்கர் வளையம் போட்டுக்கலாம். அப்புறம் தப்பு நடந்தாலும் ஒரு விசிறியை மட்டும் பிரிச்சா போதும்.

வரிசைகளையும் விரிக்கணும்

'1 முதல் 4 வரை திரும்பச் செய்யவும்'னு விட்டா, பத்தாவது தடவை எங்கே நிறுத்தினோம்னு தெரியாது. நாலு வரிசையையும் காப்பி பண்ணி 5, 6, 7, 8-ன்னு தொடர்ந்து எண் போடுங்க. பத்து தடவை ஒட்டினா 40 வரிசை. கடைசியில் ஒரு சோதனை: வரிசை எண்ணை நாலால் வகுத்தா மீதி 3 வரும் வரிசைகளில் மட்டும்தான் ஜோடியும் சுற்றும் இருக்கணும். 3, 7, 11... 39. வேற எண்ணில் 'சுற்று' வந்தா ஒட்டும்போது இடம் மாறியிருக்கு.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு விசிறிக்கு மட்டும், 24 ஸ்டிட்ச்சில் எட்டு வரிசை பின்னிப் பாருங்க. சார்ட்டைப் பார்க்காம, நீங்க எழுதினதை மட்டும் உங்க போனை வாசிக்க விட்டுக் கேட்டுப் பின்னணும். எங்கே கை தயங்குதோ, அந்த வரியைத் திருத்துங்க. விலைக்கு வாங்கின டிசைனா இருந்தா, எழுதினதை குரூப்பில் போடாதீங்க, அது வடிவமைச்சவரின் உழைப்பு. இந்த ஒருத்தருக்கு மட்டும் அனுப்புங்க.