ஒரே அட்டவணை, இரண்டு லாஜிட்

அமெரிக்காவின் தேசிய நீள்காலக் கணக்கெடுப்பு 1968இல் 14 முதல் 24 வயது வரையுள்ள பெண்களைத் தேர்ந்தெடுத்து, பல ஆண்டுகளுக்கு அதே பெண்களைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டது. அதில் ஒரு கேள்வி, தொழிற்சங்கத்தில் இருக்கிறாரா என்பது. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இந்தத் தரவின் ஒரு பகுதி ஸ்டாடா மென்பொருளில் பயிற்சிக்காகவே கிடைக்கிறது: 4,434 பெண்கள், 26,200 வரிகள்.

சங்கத்தில் சேர்வதற்கு வயதும் ஊரும் மட்டும் காரணம் அல்ல. வீட்டுச் சூழல், செய்யும் தொழிலின் தன்மை, ஆளின் சுபாவம் என்று கணக்கெடுப்பில் பதியாத பலவும் உண்டு. அவை காலத்தால் மாறாதவை என்று எடுத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு α என்று தனித்தனி வெட்டுத்துண்டு வைத்துவிடலாம். அந்த α-க்களை என்ன செய்வது என்பதில்தான் வழி இரண்டாகப் பிரிகிறது. ஆளுக்கொரு டம்மி மாறி போட்டு எல்லா α-வையும் மதிப்பிடுவது ஒரு வழி. அவற்றை மதிப்பிடாமலே கணக்கிலிருந்து விழச் செய்வது நிபந்தனை லாஜிட்.

முதல் வழி நேர்மையாகத் தோன்றும். சிக்கலை 1948இல் நெய்மனும் ஸ்காட்டும் காட்டினார்கள். ஆள் கூடக் கூட α-க்களும் கூடுகின்றன. ஆனால் ஒவ்வொரு α-வுக்கும் கிடைக்கும் தகவல் அந்த ஒரு ஆளின் சில ஆண்டுகள்தான். எத்தனை லட்சம் பேர் வந்தாலும் எந்த α-வும் துல்லியமாவதில்லை. அந்தத் துல்லியமின்மை, நாம் தேடும் β-வையும் சேர்த்துக் கெடுக்கிறது. உடன்வரும் அளபுருக்களின் சிக்கல் என்பது இதுதான்.

கையால் போட்டுப் பார்க்க ஒரு கற்பனை அட்டவணை போதும். 1,000 பெண்கள், இரண்டு ஆண்டுகள், ஒரே விளக்க மாறி: முதல் ஆண்டுக்கு 0, இரண்டாம் ஆண்டுக்கு 1. இரண்டு ஆண்டும் சங்கத்தில் இல்லாதவர் 620. இரண்டு ஆண்டும் இருந்தவர் 180. புதிதாகச் சேர்ந்தவர் 150. விலகியவர் 50.

டம்மி வழியில், ஒருவருக்கு மாதிரி தரும் இரண்டு நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை, அவர் உண்மையில் ‘ஆம்’ சொன்ன எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். மீப்பெரு வாய்ப்பு முறை அதைக் கட்டாயப்படுத்துகிறது. மாறியவர் 200 பேருக்கும் அந்தக் கூட்டுத்தொகை 1. லாஜிட் வளைவைத் தரும் சார்பை Λ என்று எழுதினால், Λ(α) + Λ(α+β) = 1. இதற்கு ஒரே விடை, α = −β/2. ஆக இரண்டாம் ஆண்டு நிகழ்தகவு Λ(β/2). சேர்ந்தவர் 150 பேர் என்பதால் 200 × Λ(β/2) = 150. எனவே β/2 = log 3, β = 2.197.

நிபந்தனை வழி கேட்கும் கேள்வியே வேறு. இந்தப் பெண் இரண்டு ஆண்டில் ஒரு முறை மட்டும் ‘ஆம்’ சொன்னார் என்பது தெரிந்துவிட்ட பின், அது இரண்டாம் ஆண்டாக இருக்க என்ன வாய்ப்பு?

```
exp(α+β) / (exp(α) + exp(α+β)) = Λ(β)
```

மேலும் கீழும் exp(α) அடிபட்டுப் போகிறது. 200 × Λ(β) = 150. β = log 3 = 1.099.

இரண்டு சமன்பாடும் கிட்டத்தட்ட ஒன்றே. முதலாவதில் β இருக்க வேண்டிய இடத்தில் β/2 உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மாதிரி சரியென்றால், சாதக விகிதம் உண்மையில் 3 மடங்காகும் இடத்தில் டம்மி வழி 9 மடங்கு என்று சொல்லும். ஆளைக் கூட்டினால் சரியாகுமா? ஆகாது. இதே விகிதத்தில் 1,00,000 பேரை எடுத்தாலும் விடை 2.197தான். மாறுவது திட்டப் பிழை மட்டும்: 0.23-லிருந்து 0.023. நம்பிக்கை இடைவெளி 2.15-க்கும் 2.24-க்கும் நடுவே இறுகிக்கொள்கிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தவறான எண், பெரிய தரவில் இன்னும் உறுதியாகத் தெரியும்.

நிபந்தனை வழியின் கணித அடித்தளத்தை 1970இல் ஆண்டர்சன் அமைத்தார். 1980இல் சேம்பர்லின் அதைப் பேனல் தரவுக்குக் கொண்டுவந்தார். இது லாஜிட்டுக்குக் கிடைத்த சலுகை. புரோபிட்டில் இப்படி α அடிபடாது. ஆண்டுகள் கூடினால் டம்மி வழியின் பிழை குறையும். இரண்டு ஆண்டில் இரண்டு மடங்கு என்பது, T ஆண்டுகளில் ஏறக்குறைய T/(T−1) மடங்காக இறங்கும் என்பது தோராயக் கணக்கு.

நிபந்தனை லாஜிட்டின் மேல் வழக்கமாக வைக்கப்படும் குற்றச்சாட்டு, அது தரவை வீணடிக்கிறது என்பது. தொழிற்சங்கத் தரவில் இந்தக் கட்டளையை ஓட்டினால்:

```
webuse union
xtlogit union age grade not_smsa south##c.year, fe
```

எல்லா ஆண்டும் ஒரே பதில் சொன்ன 2,744 பெண்களும் அவர்களுடைய 14,165 வரிகளும் நீக்கப்பட்டதாகக் குறிப்பு வரும். மிஞ்சுவது 1,690 பெண்கள், 12,035 வரிகள். பாதிக்கும் மேல் போய்விட்டதைப் பார்த்துப் பதறிப்போய் டம்மி வழிக்கு ஓடுபவர்கள் உண்டு. ஓடிப் பயனில்லை. எப்போதும் ‘இல்லை’ சொன்னவரின் α அங்கே எதிர்முடிவிலிக்குப் போகிறது. நம் அட்டவணையின் 620 பேரும் 180 பேரும் டம்மி வழியிலும் β-வுக்கு எதுவும் சொல்வதில்லை. நிபந்தனை லாஜிட் வாய்விட்டுச் சொல்வதை மற்றது சொல்லாமல் செய்கிறது.

நிபந்தனை வழியின் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. α-வை விழச் செய்ததால் யாருடைய நிகழ்தகவும் நம் கையில் இல்லை. சாதக விகிதம் 3 மடங்கு என்றால், 50 சதவீதத்தில் இருந்தவர் 75-க்குப் போவார். 10 சதவீதத்தில் இருந்தவர் 25-க்கு. 1 சதவீதத்தில் இருந்தவர் 3-ஐக்கூட எட்டமாட்டார். யார் எங்கே நிற்கிறார் என்பதுதான் தெரியாது. ஆகவே சராசரியாக எத்தனை சதவீதப் புள்ளி கூடியது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. மென்பொருள் என்னவோ பதில் தரும்: `predict` கட்டளையின் `pu0` எல்லோருடைய α-வையும் பூஜ்யமாக வைத்துக்கொண்டு நிகழ்தகவு கணிக்கும். அந்த எண்ணைக் கட்டுரையில் போடுவதைவிட ஒன்றும் போடாமல் இருப்பது மேல்.

இங்கே ஒரு வேடிக்கை. அதே அட்டவணையில் டம்மி வழி சொல்லும் சராசரி விளைவைக் கணக்கிடுங்கள். மாறாத 800 பேருக்கு விளைவு 0. மாறிய 200 பேருக்கு 0.75 − 0.25, அதாவது 0.5. மொத்தச் சராசரி 0.10. உண்மையில் நடந்த மாற்றம் எவ்வளவு? சேர்ந்தவர் 150, விலகியவர் 50, நிகரம் 100 பேர், ஆயிரத்தில் 0.10. துல்லியமாக அதே! β-வை இரட்டிப்பாக்கிய முறை, சராசரி விளைவைச் சரியாகத் தருகிறது: α-க்களின் தவறும் β-வின் தவறும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்கின்றன. மாறிகள் கூடினால் இவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் புரோபிட்டில் சராசரி விளைவின் பிழை சிறியதாகவே இருப்பதைப் பெர்னாண்டஸ்-வால் 2009இல் காட்டினார்.

ஆகவே எந்த லாஜிட் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. ஆண்டு குறைவாக இருந்து சாதக விகிதம் வேண்டுமென்றால் நிபந்தனை லாஜிட். அதே தரவில் சதவீதப் புள்ளி வேண்டுமென்றால், திருத்தம் செய்த டம்மி மதிப்பீடோ சாதாரண நேர்கோட்டு மாதிரியோ. சமன்பாட்டின் வலப்பக்கத்தில் போன ஆண்டு சங்கத்தில் இருந்தாரா என்ற மாறியைச் சேர்த்தால் மட்டும் இந்தப் பங்கீடு நிற்காது. கூட்டுத்தொகையை நிபந்தனையாக வைத்தாலும் அப்போது α அடிபடுவதில்லை. நான்கு ஆண்டுத் தரவாவது வைத்துக்கொண்டு ஓனொரேயும் கிரியாசிடூவும் 2000இல் வகுத்த வேறு நிபந்தனைக்குப் போக வேண்டும்.