பாகப்பிரிவினைக்கு முன் இறந்த வாரிசின் பங்கு: பழனி மலை நிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கொடைக்கானல் வட்டத்தின் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் கேரட்டும் விளைகிற நிலம் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டப்பட்டது. கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், காபியும் மிளகும் வாழையும் ஒரே தோட்டத்தில் கலந்து நிற்கும். இரண்டிலும் வரப்புப் போட்டுப் பிரிப்பது எளிதன்று. எந்தப் படிக்கு எந்த ஊற்றுத் தண்ணீர், எந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டிப்பாதை என்பது தீராமல் அளவுக்கல் நட முடியாது. அதனால் தகப்பன் இறந்த பிறகும் நிலம் பல ஆண்டுகள் பொதுவில் கிடக்கிறது. அந்த இடைவெளியில் வாரிசுகளில் ஒருவர் இறந்துவிடுகிறார்.

அவருடைய பங்கு என்ன ஆகிறது? ஊர் வழக்கு இதற்கு இரண்டு விடைகள் வைத்திருக்கிறது. ‘பிரிக்கும்போது இருப்பவர்களுக்குத்தான் பங்கு’ என்பது ஒன்று. ‘பிள்ளைக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு பங்கு’ என்பது மற்றொன்று. முதலாவது சட்டப்படி முற்றிலும் தவறு. இரண்டாவது நியாயமாகத் தோன்றுவதால் எவரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் அதுவும் பல குடும்பங்களில் பிழையான கணக்கையே தருகிறது. பங்கு பாகப்பிரிவினையில் பிறப்பதில்லை. சாவின் நொடியிலேயே பிறந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சாவுக்கும் தனிக்கணக்கு, அதுவும் நடந்த வரிசையில், போடப்பட வேண்டும். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

மூன்று சாவுகள், ஒரு நிலம்

விளக்கத்துக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மேல்மலையில் 4 ஏக்கர் 80 சென்ட், அதாவது 480 சென்ட், வாங்கியிருந்தார். உயில் எழுதாமல் 2009இல் இறந்தார். மனைவி, மூத்த மகன், இளைய மகன், மகள் ஆகிய நால்வர் இருந்தார்கள். நிலம் பிரிக்கப்படவில்லை. 2014இல் மூத்த மகன் இறந்தார். அவருக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் உண்டு. 2021இல் தாய் இறந்தார். அதற்குப் பிறகே பாகப்பிரிவினைப் பேச்சு எழுகிறது.

ஊர்க் கணக்கு எளிது. மூன்று பிள்ளைகள், மூன்று கிளைகள். கிளைக்கு 160 சென்ட்.

சட்டத்தின் கணக்கு 2009இல் தொடங்குகிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 8ஆம் பிரிவின்படி, தகப்பனின் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளான மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் அன்றே சமமாக இறங்கியது. ஆளுக்கு 120 சென்ட். நிலத்தில் எந்த 120 என்பது தெரியாது; எவ்வளவு என்பது உறுதியாகிவிட்டது. 19ஆம் பிரிவு இந்த வாரிசுகளைத் தனித்தனிப் பங்குக்காரர்களாகவே வைக்கிறது. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவர்களுக்கு ஒதுங்குவதில்லை. ‘இருப்பவர்களுக்குத்தான் பங்கு’ என்ற வழக்கு இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

2014இல் மூத்த மகனின் 120 சென்ட் அவருடைய சொந்தச் சொத்தாக அவருடைய வாரிசுகளுக்கு இறங்குகிறது. அந்த வாரிசுகள் யார்? மனைவி, இரண்டு குழந்தைகள், தாய். இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் அறிவதில்லை. நால்வருக்கும் தலைக்கு 30 சென்ட். தாயின் கையில் இப்போது 150 சென்ட் இருக்கிறது.

2021இல் தாய் இறக்கும்போது கணக்கின் விதியே மாறுகிறது. பெண்ணின் சொத்துக்கு 15, 16ஆம் பிரிவுகள். அவருடைய 150 சென்ட் உயிருடன் இருக்கும் மகன், மகள், முன்னமே இறந்த மகனின் பிள்ளைகள் என மூன்று பங்காகிறது. இளைய மகனுக்கு 50, மகளுக்கு 50, மூத்தவரின் இரு குழந்தைகளுக்கும் சேர்த்து 50. இறந்த மகனின் மனைவிக்கு மாமியாரின் சொத்தில் இங்கே பங்கில்லை.

கூட்டிப் பார்த்தால் இளைய மகனுக்கு 170, மகளுக்கு 170, மருமகளுக்கு 30, பேரக்குழந்தைகளுக்குத் தலைக்கு 55. மூத்த கிளையின் மொத்தம் 140 சென்ட். ஊர்க் கணக்கைவிட 20 சென்ட் குறைவு.

வரிசை மாறினால் பங்கு மாறும்

அதே மூத்த மகன் தகப்பனுக்கு முன், 2008இல் இறந்திருந்தால் என்ன ஆகும்? அப்போது அவர் வாரிசே அல்லர். அவருடைய மனைவியும் பிள்ளைகளும் நேரே தகப்பனின் வாரிசுகள். 10ஆம் பிரிவின்படி அவர்கள் மூவருக்கும் சேர்த்து ஒரு பங்கு, 120 சென்ட், ஆளுக்கு 40. அந்தக் கிளைப் பங்குக்குள் தாய் நுழைவதில்லை. தாயின் 120 சென்ட் பின்னர் மூன்றாகும்போது பேரக்குழந்தைகளுக்கு 40 வருகிறது. மூத்த கிளையின் மொத்தம் 160.

ஊர்க் கணக்கு சொன்ன அதே 160 இது. ‘கிளைக்கு ஒரு பங்கு’ என்ற கணக்கு, இந்தக் குடும்பத்தில், மகன் தகப்பனுக்கு முன்னோ தாய்க்குப் பின்னோ இறந்த நிலைக்கு மட்டுமே பொருந்துகிறது. தகப்பனுக்குப் பின் இறந்தவனை முன் இறந்தவனாக வைத்து ஊர் கணக்குப் போடுகிறது. 20 சென்ட் வேறுபாடு அதனால் வருவது. மருமகளுக்கு 40 சென்ட்டா 30 சென்ட்டா என்பதும் அந்த ஒரு தேதியில் தங்கியிருக்கிறது.

மலைப்பாதை விபத்தில் தகப்பனும் மகனும் ஒன்றாக இறந்து, யார் முதலில் என்று தெரியாமல் போனால்? 21ஆம் பிரிவு விடை சொல்கிறது. மாறாக நிரூபிக்கப்படும்வரை, இளையவர் மூத்தவருக்குப் பின் இறந்ததாகக் கொள்ள வேண்டும். அந்த ஒரு நொடியில் மகன் வாரிசாகிவிடுகிறான். அவன் பங்கில் தாய்க்கும் இடம் வந்துவிடுகிறது.

மலையில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் வாழ்கின்றன. அதே மூன்று சாவுகள் கிறிஸ்தவக் குடும்பத்தில் நடந்தால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். தகப்பனின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. மகன் பின்னர் இறந்தால் அவன் பங்கு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும். பிள்ளைகள் இருக்கையில் தாய்க்கு இல்லை. கிளையின் மொத்தம் இங்கே மாறுவதில்லை. ஆனால் மகன் தகப்பனுக்கு முன் இறந்திருந்தால் மருமகளுக்கு மாமனாரின் நிலத்தில் ஒன்றுமில்லை. பின் இறந்திருந்தால் கணவன் பங்கில் மூன்றில் ஒன்று. இஸ்லாமிய சன்னிச் சட்டத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. தகப்பனுக்கு முன் இறந்த மகனின் பிள்ளைகளை, உயிருடன் இருக்கும் மற்றொரு மகன் முழுவதும் விலக்கிவிடுகிறான். மகன் தகப்பனுக்கு ஒரு நாள் பின் இறந்தாலும் அவன் பங்கு அவன் பிள்ளைகளுக்கு இறங்கிவிடும். பிரிவினைக்கு முன் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளைப் படிப்படியாகக் கணக்கிடும் இம்முறைக்கு அச்சட்ட மரபில் ‘முனாசகா’ என்ற தனிப்பெயரே உண்டு.

தேதியே சட்டத்தைத் தீர்மானிக்கிறது

சாவின் வரிசை பங்கின் அளவை மட்டுமல்ல, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதையும் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து உச்சநீதிமன்றம் சென்ற அருணாசலக் கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு இதற்கு நல்ல சான்று. மாரப்ப கவுண்டர் 1938இல் நீதிமன்ற ஏலத்தில் நிலம் வாங்கியிருந்தார். அவருக்கு மகள் குப்பாயி அம்மாள் மட்டுமே. மாரப்பர் இறந்தது 1949இலா, 1957இலா என்பதே வழக்கில் பெரிய பூசலாக இருந்தது. குப்பாயி 1967இல் பிள்ளையில்லாமல் இறந்தார். மாரப்பரின் தம்பி மகனுக்கே நிலம் முழுதும் போய்விட்டது என்றது ஒரு தரப்பு. தம்பியின் மகள்களுக்கும் ஐந்தில் ஒரு பங்கு வீதம் உண்டு என்றது மறு தரப்பு.

கீழமை நீதிமன்றமும் உயர்நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. 2022 ஜனவரி 20இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. மகள் மட்டுமே உள்ள ஒருவரின் சுயசம்பாத்தியம் 1956க்கு முந்தைய இந்துச் சட்டத்திலும் மகளுக்கே இறங்கும் என்றது. பிறகு தனியாக அடுத்த சாவை எடுத்தது. குப்பாயியின் வாரிசுரிமை திறந்தது 1967இல். அன்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. தகப்பனிடமிருந்து பெற்ற சொத்து, பிள்ளையற்ற மகளின் சாவுக்குப் பின் தகப்பனின் வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 15ஆம் பிரிவின் விதிப்படி தம்பியின் மகள்களும் பங்கு பெற்றார்கள். இரண்டு சாவுகளையும் ஒன்றாக மடக்கியிருந்தால் அந்தப் பெண்களின் பங்கு கண்ணில் பட்டிராது.

பிழை எங்கே நுழைகிறது

பிழை பெரும்பாலும் தாளில்தான் தொடங்குகிறது. தகப்பன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் குடும்பம், அன்று இருப்பவர்களின் பெயர்களை எழுதுகிறது. மூத்த மகனின் இடத்தில் அவர் மனைவி, பிள்ளைகளின் பெயர்கள் வந்துவிடுகின்றன. அந்தத் தாளைப் படிப்பவருக்கு அவர் தகப்பனுக்கு முன் இறந்தவர்போலத் தோன்றும். அதன்மேல் கூட்டுப் பட்டாவும் அதன்மேல் பாகப்பத்திரமும் எழுதப்படுகின்றன. தவற்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: எல்லா இறப்புச் சான்றிதழ்களையும் தேதி வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் குடும்பத்தில் மூன்று சாவுகள். மூன்று சான்றிதழ்கள் வேண்டும். தகப்பனின் சான்றிதழில் மூத்த மகனின் பெயர், பின்னர் இறந்தவர் என்ற குறிப்போடு, இருந்தாக வேண்டும்.

இன்னொரு பிழை விடுதலைப் பத்திரத்தில் நுழைகிறது. மருமகள் தம் 30 சென்ட்டை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளைகள் மைனர்களாக இருந்தால் அவர்களின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அவர்கள் வயதுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குள் அந்தப் பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். மருமகள் மறுமணம் செய்துகொண்டால் பங்கு போய்விடும் என்று ஊரில் சொல்வதும் தவறு. ஒருமுறை இறங்கிய பங்கு அதனால் நீங்காது.

பாகவழக்கு நடக்கும்போதே ஒருவர் இறந்தால் 90 நாட்களுக்குள் அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்து வழக்கு அற்றுப்போகும்; அதை நீக்கக் கேட்க மேலும் 60 நாட்கள் உண்டு. முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகு ஒருவர் இறந்தால் வழக்கு அற்றுப்போவதில்லை. பங்குகளைத் திருத்தி மீண்டும் ஒரு முதல்நிலைத் தீர்ப்பாணை தரலாம் என்று பூல்சந்த் எதிர் கோபால் லால் வழக்கில் உச்சநீதிமன்றம் 1967இலேயே தீர்த்துவைத்தது.

மேலே போட்ட கணக்கு சுயசம்பாத்தியத்துக்கு உரியது. பூர்வீகச் சொத்தாக இருந்தால் அதில் பிறப்புரிமை உள்ள ஒவ்வொருவரின் சாவுக்கும் சற்று முன் பாகம் நடந்ததாகப் பாவித்து, இறந்தவருக்குச் சேர வேண்டியதை முதலில் காண வேண்டும். எண்கள் மாறும். சாவுகளை வரிசையில் எடுக்கும் முறை மாறாது.

எதிர்வாதம் ஒன்று

கிளைக் கணக்குதான் நியாயம், இறந்த மகனின் கிளைக்கு 20 சென்ட் குறைவது கொடுமை என்று சொல்லலாம். அந்த வருத்தத்தில் உண்மை உண்டு. ஆனால் அந்த 20 சென்ட் தாய்க்கு இறங்கிய 30இலிருந்து வந்தது. மகனை இழந்த தாய்க்கு அவன் சொத்தில் ஒரு பிடிமானம் தரவே சட்டம் அவரை முதல் வகுப்பில் வைத்தது. தாய்க்கு அந்த நிலத்தில் முழு உரிமை உண்டு. பேரக்குழந்தைகளுக்கு அது சேர வேண்டும் என்று நினைத்தால், அவரே உயிலோ தானப் பத்திரமோ எழுதலாம். அந்தத் தேர்வு அவருடையது. கிளைக் கணக்கு, தாய் 2014 முதல் 2021 வரை அந்த 30 சென்ட்டின் உடைமையாளராக இருந்ததையே அழித்துவிடுகிறது. ஆகவே மேல்மலைப் படிநிலத்தில் அளவுக்கல் நடுவதற்கு முன், மூன்று இறப்புத் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அன்று உயிருடன் இருந்தவர்களின் பெயரை எழுத வேண்டும். தாயின் பெயர் இரண்டாவது தேதியின் கீழும் வரும்.